சமச்சீர்க் கோட்டுப் பயிற்சித் தாள் தயாரிப்பது எப்படி? கோடே இல்லாத வடிவங்களையும் சேர்த்து

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமச்சீர்க் கோடு சொல்லித் தர, A4 தாள் ஒன்றின் இரண்டு பக்கமும் போதும். ஒரு பக்கம் வடிவங்கள், மறுபக்கம் எழுத்துகள். இணையத்தில் இப்படி எத்தனையோ தாள்கள் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் பட்டாம்பூச்சி, இதயம், சதுரம், வட்டம் என்று எல்லாவற்றுக்கும் கோடு இருக்கும். பிள்ளை நடுவில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கோடு இருக்கிறதா என்று அது ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்திருக்காது. கோடே இல்லாத வடிவம் வரும்போதுதான் சோதிக்க வேண்டிய தேவை வருகிறது. அதனால் இந்தத் தாளில் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் விளக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்

"ஒரு வடிவத்தை இரண்டு சம பாதியாகப் பிரிக்கும் கோடு சமச்சீர்க் கோடு" என்று சொல்லித் தருவது வழக்கம். இது பாதிதான் சரி. ஒரு செவ்வகத்தை மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வெட்டினால் கிடைக்கும் இரண்டு முக்கோணங்களும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் அதே மூலைவிட்டத்தில் செவ்வகத்தை மடித்துப் பாருங்கள். ஒரு பாதி இன்னொன்றின் மேல் உட்காராது, இரண்டு பக்கமும் ஒரு முக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு அல்ல.

பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எந்தக் கோட்டில் மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் கொஞ்சமும் நீட்டாமல், கொஞ்சமும் குறையாமல் பொருந்துகிறதோ, அதுதான் சமச்சீர்க் கோடு." சம பாதி என்ற சொல்லை முதல் நாள் எடுக்கவே வேண்டாம். எடுத்தால் அப்புறம் இணைகரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தேவையான பொருட்கள்

1 செ.மீ. கட்டமோ புள்ளியோ போட்ட தாள், அடிக்கோல், காம்பஸ், கத்தரிக்கோல், ட்ரேசிங் பேப்பர். கண்ணாடி வேண்டுமென்றால் சட்டம் போட்ட சின்ன கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். ஓரம் மழுக்காத கண்ணாடித் துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

படி 1: வடிவங்களை வரைதல்

கட்டத் தாளில் வரைவதற்குக் காரணம், விடை என்ன என்பதில் உங்களுக்கே சந்தேகம் வராமல் இருப்பதுதான். கண் மதிப்பில் வரைந்த "இருசமபக்க முக்கோணம்" பெரும்பாலும் அசமபக்க முக்கோணமாகவே இருக்கும். பிள்ளை கவனமாக மடித்துப் பார்த்து 0 என்று எழுதும், நீங்கள் தப்பு போடுவீர்கள். உண்மையில் பிள்ளை சொன்னதுதான் சரி.

கீழே உள்ள எண்களில் முதல் எண் வலப்பக்கம் எத்தனை கட்டம், இரண்டாவது மேலே எத்தனை கட்டம். எல்லா வடிவமும் (0,0) என்ற மூலையில் தொடங்குகிறது.

1. சதுரம்: பக்கம் 4.
2. இணைகரம்: (0,0), (5,0), (7,3), (2,3).
3. செவ்வகம்: 6 க்கு 4.
4. இருசமபக்க முக்கோணம்: (0,0), (4,0), (2,5).
5. அசமபக்க முக்கோணம்: (0,0), (7,0), (2,4).
6. சாய்சதுரம்: (0,0), (5,0), (8,4), (3,4).
7. சமபக்க முக்கோணம்: பக்கம் 5, காம்பஸால்.
8. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த சரிவகம்: (0,0), (6,0), (3,4), (0,4).
9. வட்டம்: ஆரம் 2.
10. காற்றாடி: 4 க்கு 4 சதுரத்துக்குள். வரையும் முறை கீழே.

ஆறாவது எப்படிச் சாய்சதுரம் ஆகிறது என்று கேட்கலாம். அதன் சாய்ந்த பக்கம் 3 கட்டம் வலப்பக்கமும் 4 கட்டம் மேலேயும் போகிறது. 3, 4, 5 செங்கோண முக்கோணக் கணக்குப்படி அதன் நீளம் சரியாக 5. கீழ்ப் பக்கமும் 5. ஆக நான்கு பக்கமும் சமம். இரண்டாவது வடிவத்தின் சாய்ந்த பக்கம் 2 க்கு 3, அதாவது ஏறக்குறைய 3.6. கீழ்ப் பக்கமோ 5. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றுக்கு 2 கோடு, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றேதான் இரண்டையும் ஒரே தாளில் வைத்தேன்.

சமபக்க முக்கோணத்தைக் கட்டப் புள்ளிகளைச் சேர்த்து வரைய முயற்சி செய்யாதீர்கள். சதுரக் கட்டத்தின் புள்ளிகளை மட்டும் மூலையாக வைத்துச் சமபக்க முக்கோணம் வரையவே முடியாது. 4 அகலம், 4 உயரம் என்று வரைந்துவிட்டு 3 கோடு என்று விடை எழுதியிருக்கும் தாள்கள் உண்டு. அது வெறும் இருசமபக்க முக்கோணம், 1 கோடுதான். காம்பஸை 5 செ.மீ. விரித்து, அடிப்பக்கத்தின் இரண்டு முனையிலிருந்தும் வில் போடுங்கள். வெட்டும் இடம்தான் உச்சி.

காற்றாடிக்கு: 4 க்கு 4 சதுரம் போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும், எதிர்ப் பக்கங்களின் நடுவைச் சேர்க்கும் இரண்டு கோடுகளையும் வரையுங்கள். எட்டு முக்கோணம் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்குக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள்.

வடிவத்தின் பெயரைத் தாளில் அச்சடிக்க வேண்டாம், எண் போதும். "சதுரம்" என்று போட்டால், பிள்ளை வடிவத்தைப் பார்க்காமல் மனப்பாடம் செய்த 4 என்ற எண்ணை எழுதிவிடும்.

படி 2: வரிசையும் விடைப் பெட்டியும்

பத்தில் நான்கு வடிவங்களுக்குக் கோடு இல்லை: 2, 5, 8, 10. முதல் 0 இரண்டாவது இடத்திலேயே வருகிறது. கோடு இல்லாதவற்றையெல்லாம் தாளின் கடைசியில் கொண்டுபோய் வைத்தால், "கடைசி வரிசைக்கு 0" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் அருகில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, "எத்தனை கோடு?" என்று கேளுங்கள். கோடு இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும், வெறுமனே விடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் பெட்டியைப் பார்த்து, பிள்ளை யோசித்து "இல்லை" என்று முடிவு செய்ததா, செய்யாமலே விட்டதா என்று உங்களால் சொல்ல முடியாது.

கோட்டை அடிக்கோலால் வடிவத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுத்து, இரு முனையிலும் அரை செ.மீ. வெளியே நீட்டச் சொல்லுங்கள். இது அழகுக்காக அல்ல. சமபக்க முக்கோணத்தில் நடுவிலிருந்து மூன்று மூலைக்கும் மூன்று பக்கங்களின் நடுவுக்கும் குட்டிக் குட்டிக் கோடு போட்டு 6 என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. சதுரத்துக்கு 8 என்று வந்தாலும் இதுதான் காரணம். ஒரே கோட்டின் இரண்டு முனையையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். முழுக்கோடாக இழுத்தால் இந்தக் குழப்பம் போய்விடும்.

படி 3: இணைகரத்தில் நேரம் செலவிடுங்கள்

மொத்தத் தாளிலும் அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். இணைகரத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வெட்டிக் கொடுங்கள். நான்கு கோடுகளைச் சோதிக்கலாம்.

குறுக்கே, உயரத்தின் நடுவில் மடித்தால், கீழ்ப் பக்கம் மேல்ப் பக்கத்தின் மேல் வந்து விழும். ஆனால் (0,0) மூலை (2,3) மூலையில் உட்காராமல் 2 செ.மீ. இடப்பக்கம் தள்ளி நிற்கும். நெட்டுக்கு, அகலத்தின் நடுவில் மடித்தால், அதே மூலை கீழ்க்கோட்டில் 7 ஆவது கட்டத்துக்குப் போகும், அங்கே வடிவமே கிடையாது. இனி மூலைவிட்டங்கள். நீள மூலைவிட்டத்தில் மடித்தால் (5,0) மூலை (2,3) மூலையின் மேல் வர வேண்டும். அதற்கு அடுத்தடுத்த பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும். 5 எங்கே, 3.6 எங்கே? வராது. குட்டை மூலைவிட்டத்திலும் இதே கதை.

அப்புறம் சாய்சதுரத்தை எடுத்து அதே நான்கு மடிப்பையும் செய்யச் சொல்லுங்கள். குறுக்கும் நெடுக்கும் பொருந்தாது, இரண்டு மூலைவிட்டமும் பொருந்தும். எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால்தான் மூலைவிட்டத்தில் மடிக்கும்போது மூலை மூலையில் போய் உட்காருகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லையென்றால் பக்கங்களை அளக்கச் சொல்லுங்கள்.

இணைகரத்தின் சாய்வை 2 கட்டத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். அரை செ.மீ. சாய்வுள்ள இணைகரத்தை வெட்டி மடித்தால், கத்தரிக்கோல் பிசகும் மடிப்புப் பிசகும் சேர்ந்து அந்த வித்தியாசத்தையே தின்றுவிடும். பிள்ளை "பொருந்துது டீச்சர்" என்று காட்டும், உங்களால் மறுக்க முடியாது.

படி 4: சோதிக்கும் மூன்று வழிகளும் அவை ஏமாற்றும் விதமும்

மடிப்பதுதான் நம்பகமானது. மடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கே நீட்டுகிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ட்ரேசிங் பேப்பரில் வடிவத்தை எடுத்து, கோட்டின் வழியாகப் புரட்டி வைத்துப் பார்ப்பது இரண்டாவது வழி. இதில் தாளை வெட்ட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் புரட்டுவதற்குப் பதில் சுழற்றிவிடுவார்கள். இணைகரத்தை அரைச் சுற்று சுழற்றினால் அப்படியே பொருந்தும். உடனே "இதுக்குச் சமச்சீர் இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை, அது சுழல் சமச்சீர், மேல் வகுப்புப் பாடம். இப்போது தேடுவது கோட்டை. ட்ரேசிங் பேப்பரின் மேல்பக்கத்தில் ஒரு மூலையில் பேனாவால் "மேல்" என்று எழுதச் சொல்லுங்கள். சோதனைக்குப் பிறகு அந்தச் சொல் திருப்பிப் போட்டது போலத் தெரிந்தால் புரட்டியிருக்கிறார்கள், தலைகீழாக நின்றாலும் நேராகப் படிக்க முடிந்தால் சுழற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது கண்ணாடி. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கண்ணாடியை எங்கே வைத்தாலும், பாதி வடிவமும் அதன் பிம்பமும் சேர்ந்து சமச்சீரான ஒன்றாகத்தான் தெரியும். அது கண்ணாடியின் வேலை. செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் கண்ணாடியை நிறுத்தினால் அழகான பட்டம் ஒன்று தெரியும். பிள்ளை "சரியா வருது" என்று டிக் போட்டுவிடும். கேட்க வேண்டிய கேள்வி, "கண்ணாடியில் தெரிவது அழகாக இருக்கிறதா?" என்பதல்ல, "கண்ணாடியை எடுத்த பிறகு இருக்கும் வடிவமும் அதுவும் ஒன்றா?" என்பது. செவ்வகம் பட்டமாகிவிட்டால் அந்தக் கோடு தள்ளுபடி. முதல் நாளே கண்ணாடியைக் கொடுக்காமல், மடித்துப் பழகிய பிறகு கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி காற்றாடி. நிறம் தீட்டாத எட்டு முக்கோணச் சதுரத்தை முதலில் காட்டி எத்தனை கோடு என்று கேளுங்கள். 4 என்பார்கள், சரி. இப்போது ஒன்று விட்டு ஒன்றாக நிறம் தீட்டி மறுபடி கேளுங்கள். பலரும் 4 என்றே சொல்வார்கள். மடித்துப் பார்த்தால் நிறமுள்ள முக்கோணத்தின் மேல் நிறமில்லாத முக்கோணம் வந்து விழும், நான்கு கோட்டிலும் அப்படியே. ஆக விடை 0. ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கும் ஒரு வடிவத்துக்குக் கோடே இல்லாமல் போகலாம் என்று காட்ட இதைவிட நல்ல வடிவம் கிடைப்பது கஷ்டம்.

படி 5: எழுத்துப் பக்கம்

எழுத்துகளைக் கணினியில் தட்டச்சு செய்து அச்சடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். Times New Roman போன்ற எழுத்துருவில் A யின் ஒரு கால் மெல்லியது, மறு கால் தடித்தது. மடித்தால் பொருந்தாது. Arial போன்ற எளிய எழுத்துருவிலும் B யின் மேல் வயிறு கீழ் வயிற்றைவிடக் கொஞ்சம் சிறியது. அச்சுக்கலைஞர்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகச் செய்வது அது, நமக்கு இடைஞ்சல். கட்டத் தாளில் 6 உயரம், 4 அகலம் வைத்து நீங்களே வரையுங்கள். H இன் குறுக்குக் கோடு சரியாக 3 ஆவது கட்டத்தில் இருக்கட்டும், B யின் இரண்டு வயிறும் மூன்று மூன்று கட்டம்.

இப்படி வரைந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26 உம் நான்கு கூட்டமாகப் பிரியும். A, M, T, U, V, W, Y ஆகியவற்றுக்கு நெட்டுக்கோடு. B, C, D, E, K ஆகியவற்றுக்குக் குறுக்குக்கோடு. H, I, O, X நான்குக்கும் இரண்டு கோடுகள். மிச்சம் பத்துக்கும், F, G, J, L, N, P, Q, R, S, Z, கோடு இல்லை. 26 ஐயும் தாளில் திணிக்க வேண்டாம், எட்டு போதும்: A, H, N, B, S, F, O, L. H ஐ அடுத்து N வருவதைக் கவனியுங்கள். H இல் போட்ட இரண்டு கோட்டையும் பிள்ளை அப்படியே N இலும் போடும். N உம் S உம் அரைச் சுற்றில் பொருந்துகிற எழுத்துகள், இணைகரத்தின் உறவினர்கள். இணைகரத்தைச் சரியாகச் செய்த பிள்ளை இங்கே தடுமாறினால், மடிப்பை மறந்துவிட்டு மறுபடி கண்ணால் தீர்ப்புச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

O வை நீள்வட்டமாக வரைந்தால் 2 கோடு. முழு வட்டமாக வரைந்தால் மையம் வழியாகப் போகிற எந்தக் கோடும் சமச்சீர்க் கோடுதான், எண்ணி முடியாது. தாளின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே வட்டம் இருப்பதால் இங்கே நீள்வட்டமே இருக்கட்டும். வட்டத்துக்கு விடையாக "எண்ணற்றவை" என்று எழுத வைக்கலாம். ஏதாவது ஐந்து கோடு வரைந்து காட்டிவிட்டு, "இன்னும் போடலாம்" என்று ஒரு பிள்ளை எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வளைவும் சுழியுமாக இருப்பதால் கோடு கிடைப்பது அரிது. க, ம, ழ, ண என்று எடுத்தால் எல்லாமே 0. ஆனால் மூன்று எழுத்துகள் தாளுக்குக் கட்டாயம் வர வேண்டும். ப வைக் கட்டத்தில் 4 அகலம், 5 உயரமாக வரைந்தால் நெட்டுக்கோடு ஒன்று. ஃ எழுத்தின் புள்ளிகளை (0,0), (4,0), (2,2) இல் வைத்தால் நெட்டுக்கோடு ஒன்று. மூன்று புள்ளிகளையும் சமதூரத்தில் வைத்தால் அதற்கே 3 கோடு ஆகிவிடும், ஆகவே வைக்கும் இடத்தில் கவனம் தேவை.

மூன்றாவது ட. இதை இரண்டு தடவை வரையுங்கள். முதல் ட வுக்கு நிற்கும் கோடு 5, படுத்த கோடு 3. இதற்கு 0. இரண்டாவதுக்கு இரண்டும் 4. இதை மூலையிலிருந்து சரிவாக, 45 பாகையில் மடித்தால் நிற்கும் கோடு படுத்த கோட்டின் மேல் கச்சிதமாக விழும். ஆக 1 கோடு, அதுவும் சாய்வாக. நெட்டுக்கும் குறுக்குக்கும் மட்டுமே பழகிய கண்ணுக்கு இது புலப்படாது. ஆங்கில L உம் இப்படித்தான். கைகள் சமமாக இருந்தால் அதற்கும் சாய்வான கோடு வந்துவிடும், எனவே தாளில் L ஐ 6 உயரம், 3 அகலமாக வரையுங்கள்.

படி 6: நகல் எடுக்கும் முன்

வரைந்த தாளை ஸ்கேன் செய்து வேர்டில் ஒட்டுகிறீர்கள் என்றால், படத்தின் பக்கவாட்டுப் பிடியை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். சதுரம் செவ்வகமாகும், வட்டம் நீள்வட்டமாகும், இரண்டு கையும் சமமான ட வுக்குக் கோடே போய்விடும். பல விடைகள் மாறிவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது. மூலைப் பிடியை `Shift` விசையோடு இழுத்தால் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறும். முதல் நகல் வந்ததும் சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை அடிக்கோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும். 4 செ.மீ. என்பது 3.8 ஆகச் சுருங்கியிருந்தால் பரவாயில்லை.

மடிக்கக் கொடுக்கும் நகல் இன்னொன்று தனியாக எடுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். பின்பக்கம் எழுத்துகள் இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கும்போது இரண்டும் கலந்து தெரியும்.

விடைகள்

வடிவப் பக்கம், 1 முதல் 10 வரை: 4, 0, 2, 1, 0, 2, 3, 0, எண்ணற்றவை, 0.

எழுத்துப் பக்கம்: A 1, H 2, N 0, B 1, S 0, F 0, O 2, L 0, ப 1, ஃ 1, முதல் ட 0, இரண்டாவது ட 1.

திருத்தும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் கோட்டையும் பாருங்கள். செவ்வகத்துக்கு 2 என்று எழுதி, இரண்டு மூலைவிட்டங்களை வரைந்திருக்கும் பிள்ளை உண்டு. எண் சரி, கோடு இரண்டும் தப்பு. சாய்சதுரத்துக்கு அதே போல 2 என்று எழுதி, குறுக்கும் நெடுக்கும் போட்டிருப்பார்கள். இந்த இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி மடிக்கச் சொன்னால், எந்தப் பிள்ளை எதை எங்கே மாற்றிக்கொண்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி தயாராக வைத்திருங்கள்: எட்டாவது வடிவத்தில் ஒரே ஒரு மூலையை மட்டும் நகர்த்தி, சரியாக ஒரு கோடு உள்ள வடிவமாக மாற்ற முடியுமா? மேலே உள்ள (3,4) மூலையை (6,4) க்குக் கொண்டுபோனால் செவ்வகமாகி 2 கோடு வந்துவிடும், அது வேண்டாம். (0,4) மூலையை (0,6) க்கு உயர்த்தினால் நிற்கும் பக்கமும் படுத்த பக்கமும் 6 ஆகும். அப்போது (3,4) ஐ விட்டுவிட முடியாது, அதுவும் 45 பாகைக் கோட்டில் இருந்தால்தான் பொருந்தும். ஆகவே இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் (0,0) மூலையை இடப்பக்கம் 3 கட்டம் தள்ளி (-3,0) க்கு நகர்த்தினால் இடப்பக்கம் 3 சாய்வு, வலப்பக்கம் 3 சாய்வு என்று ஆகி, மேல்ப்பக்கம் 3, கீழ்ப்பக்கம் 9 உள்ள சரிவகம் கிடைக்கும். நடுவில் நெட்டாக ஒரு கோடு. அதன் இடம் அடிப்பக்கத்தில் 1.5, கட்டத்தின் நடுவில். புள்ளியிலேயே தேடும் பிள்ளைக்கு அது சட்டென்று கிடைக்காது.